தூக்குச்சட்டிக் கதையை ஏன் திரும்பப் பெற்றோம்: வாசகர் கேள்விகளும் ஆசிரியர் பதில்களும்

எங்கள் இணைய இதழில் மார்ச் மாதம் வந்த சிறுகதை ஒன்றை ஜூன் மாதம் திரும்பப் பெற்றோம். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் தூக்குச்சட்டியோடு கிளம்பும் அப்பாவைப் பற்றிய கதை. பலருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். அதனாலேயே கேள்விகள் நிறைய வந்தன. நேரிலும் மின்னஞ்சலிலும் கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் சொல்கிறேன்.

என்னதான் நடந்தது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

1974-இல் இங்கே சிங்கப்பூரில் ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் வந்த கதை, பெயர்களும் காலமும் மாற்றப்பட்டு, வேறொருவர் பெயரில் எங்கள் இதழில் வந்துவிட்டது. முதலில் எழுதியவர் 1996-இல் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஆதாரத்தோடு எழுதினார். சரிபார்த்தோம், அவர் சொன்னது சரியாக இருந்தது. எங்களுக்குக் கதையை அனுப்பியவரிடமும் விளக்கம் கேட்டோம். பன்னிரண்டாம் நாள் கதையை எடுத்துவிட்டோம்.

புகார் என்று யாராவது ஒரு மெயில் போட்டால் உடனே கதையைத் தூக்கிவிடுவீர்களா?

மாட்டோம். "இது காப்பி, எனக்குத் தெரியும்" என்ற ரகக் கடிதங்கள் ஆண்டுக்கு நாலைந்து வரும். எதைப் பார்த்து எடுத்தது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அவற்றை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியாது.

இந்தக் கடிதம் வேறு மாதிரி. எழுதிய அம்மையார் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார். அப்பா ஒட்டி வைத்திருந்த பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து இரண்டு பத்தி நறுக்கைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எங்கள் கதையில் எந்தெந்த இடம் ஒத்துப்போகிறது என்று பென்சிலில் கோடு போட்டிருந்தார். கோபமாக ஒரு வரிகூட இல்லை. "அப்பா எழுதியது நாலே கதைதான் அச்சில் வந்தது. அதில் ஒன்று இது" என்று முடித்திருந்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. நறுக்கில் தேதி இல்லை. கத்தரித்து ஒட்டியவருக்குக் கதைதான் முக்கியம், பக்கத்தின் தலைப்பைக் கத்தரிக்கோல் தின்றுவிட்டது. ஓரத்தில் "1974" என்று மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. அதை எப்போது யார் எழுதினார் என்று யாருக்குத் தெரியும்? நேற்று எழுதியதாகக்கூட இருக்கலாம். அம்மையாரைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, ஒரு தாளை ஆதாரம் என்று ஏற்பதற்கு முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

நறுக்கின் ஒரு மூலை பசை விட்டுப் பிரிந்திருந்தது. அதைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு தியேட்டர் விளம்பரம். தீபாவளி வெளியீடு என்ற சொற்களும் கூடவே ஒரு கிழமையும் தெரிந்தன. அதை வைத்து அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குச் சுருக்கிக்கொண்டோம். பழைய நாளிதழ்களில் பலவற்றை வீட்டிலிருந்தே NewspaperSG தளத்தில் பார்க்கலாம். எனக்கு முழுப் பக்கமும் கண்ணுக்கு முன்னால் ஓட வேண்டும் என்பதால், ஒரு சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் நுண்படச்சுருள்களை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையில் கதை கிடைத்தது. அதே இரண்டு பத்தி, பின்பக்கத்தில் அதே விளம்பரம், மேலே தேதி, கீழே எழுதியவர் பெயர். புகார் நம்பத்தக்கது என்ற நிலை தாண்டி உறுதியானது அந்த நிமிடத்தில்தான்.

வேலை போனதை மறைக்கும் அப்பா கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாமே? கரு ஒன்றாக இருந்தால் அது நகலா?

இல்லவே இல்லை. உலகம் முழுக்க இந்தக் கரு இருக்கிறது. இங்கே அதற்குக் காரணமும் நிறைய. பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது என்று 1968-இல் அறிவிப்பு வந்து, 1971-க்குள் படை கிளம்பியபோது செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இதுவே நடந்தது. 1974-இல் ஒருவர் அதைக் கதையாக்கியதில் வியப்பில்லை. எங்களுக்கு வந்த கதை அதை 1998-க்கு, ஆசிய நிதி நெருக்கடிக் காலத்துக்குக் கொண்டுவந்திருந்தது. கடற்படைத் தளம் இருந்த இடத்தில் கப்பல் பட்டறை. அதுவும் நம்பும்படியாகவே இருந்தது. சட்டமும் கருவைக் காப்பதில்லை, எழுதிய விதத்தைத்தான் காக்கிறது.

ஆகவே கருவை ஒதுக்கிவிட்டு வரிகளைப் பார்த்தோம். மூன்று பத்தியாகத் தாள் போட்டு, இடது பக்கம் பழைய கதையின் வாக்கியம், நடுவில் எங்கள் கதையின் வாக்கியம், வலது பக்கம் என்ன மாறியது என்ற குறிப்பு. துணை ஆசிரியரும் நானும் தனித்தனியே செய்து பிறகு ஒப்பிட்டோம். பழைய கதையில் 96 வாக்கியங்கள். அவற்றில் 61 அப்படியே இருந்தன, அல்லது பெயரும் இடமும் மட்டும் மாறியிருந்தன. அம்மா வெறும் தூக்குச்சட்டியைக் கட்டிக்கொடுத்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லாமல் சொல்லும் கடைசிக் காட்சியில் ஒரு கமா கூட நகரவில்லை.

ஆனாலும் என்னைக் கேட்டால் இந்த எண்ணிக்கையைவிட வலுவான சான்று ஒரு தப்பு. பழைய கதை தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு தொடங்கி, தீபாவளி முடிந்த வாரம் முடிகிறது. மொத்தம் மூன்று வாரம். தொடக்கத்தில் தம்பி நாலாம் வகுப்புப் படிக்கிறான். முடிவில் "அஞ்சாம் வகுப்புப் பையனுக்கு இது புரியுமா" என்று அப்பா நினைக்கிறார். நவம்பர் மாதத்தில் இங்கே எந்தப் பையனும் அடுத்த வகுப்புக்குப் போவதில்லை, பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரியில். எழுதியவர் அசந்த இடம் அது. எங்கள் கதையிலும் தம்பி தொடக்கநிலை நான்கில் தொடங்கி, மூன்றே வாரத்தில் தொடக்கநிலை ஐந்தில் முடிகிறான். ஒரே கருவை இருவர் தனித்தனியே யோசிக்கலாம், ஒரே உவமைகூட இருவருக்கும் தோன்றலாம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி அசந்துபோவது எப்படி?

சரி, அதை நீங்கள் மார்ச்சிலேயே பார்த்திருக்க வேண்டாமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் சங்கடமான கேள்வி இது.

தம்பியின் வகுப்பை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேர் படித்தோம், மூன்று பேருக்கும் கடைசிக் காட்சி தொண்டையை அடைத்ததே தவிர வகுப்பு கண்ணில் படவில்லை.

இரண்டாவது, கதையில் வந்த பஸ் கண்டக்டர். அவரை ஒரு வாசகர் கண்டுபிடித்தார். கதை வந்த மறுநாளே எழுதினார்: "98-இல் பஸ்ஸில் கண்டக்டர் ஏறி டிக்கெட்டில் ஓட்டை போடுகிறாரா? அப்போது நாங்கள் எல்லாரும் கார்டுதானே போட்டோம்?" அவர் சொன்னது சரி. கண்டக்டர்களை எழுபதுகளிலிருந்தே படிப்படியாக எடுத்துவிட்டார்கள், தொண்ணூறுகளில் கட்டண அட்டைதான். எழுதியவருக்கு ஞாபகப் பிசகு என்று நினைத்து, கண்டக்டரைக் கதையிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிட்டோம். வாசகருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமும் போட்டோம். 98-இல் நடப்பதாக எழுதும் ஒருவருக்குக் கண்டக்டர் எங்கிருந்து நினைவுக்கு வந்தார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

மூன்றாவது, என் சிவப்புப் பேனாவின் வேலை. வந்த கையெழுத்துப் பிரதியில் அம்மா பையனைத் திட்டும் இடத்தில் "அட மண்ணந்தை" என்று இருந்தது. "மண்ணாந்தை" என்று திருத்தினேன். தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். மந்தமானவனைச் சொல்லும் அந்தப் பழைய வசவை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? பயன்படுத்தத் தெரிந்தவர் அதை ஏன் தப்பாக எழுதுகிறார்? பழைய எழுத்து முறையில் ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்தே சுழித்துக்கொண்டு ஒற்றை உருவமாக இருக்கும். தமிழ்நாட்டில் 1978-இல் இதைச் சீர்திருத்தினார்கள், நம் பள்ளிகளுக்கு எண்பதுகளில் வந்தது. அதற்குப் பிறகு படித்தவர் பழைய அச்சைப் பார்த்தால், தெரிந்த சொல்லை ஊகித்துச் சரியாகப் படித்துவிடுவார். "என்றான்" என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. தெரியாத சொல் வந்தால்தான் அந்த ஒற்றை உருவம் வெறும் "ண" போலத் தெரியும். ஆக அந்தப் பிழையே ஒரு தடயம்: கதை எங்கோ பழைய எழுத்தில் இருந்து பெயர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அதை நானே திருத்தி அழித்துவிட்டேன். அனுப்பிய மூலக் கோப்பு மின்னஞ்சலில் இருந்ததால் தப்பித்தோம்.

இந்த மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல. கண்டக்டர், கதை பழைய காலத்தது என்று மட்டும் சொல்கிறார். மண்ணாந்தை, அது பழைய எழுத்திலிருந்து வந்தது என்கிறது. எந்தக் கதையிலிருந்து என்பதை வகுப்புப் பிழைதான் சொன்னது. அதற்கும் பழைய கதை கையில் கிடைத்த பிறகுதான் பேச வந்தது.

இப்போதுதான் நகலைக் கண்டுபிடிக்க மென்பொருள் எல்லாம் இருக்கிறதே?

அவை இணையத்தில் எழுத்தாக இருப்பதோடுதான் ஒப்பிடும். 1974 ஞாயிறு மலரின் பக்கம் நாங்கள் பார்த்த இடத்தில் படமாகத்தான் இருக்கிறது. கதையின் பத்து வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்த்தேன், எங்கள் கதையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. "கப்பல் பட்டறைக்குப் போனான்" என்பதைக் "கப்பற்பட்டறைக்குச் சென்றான்" என்று மாற்றினாலே சொல் தேடல் வழி தவறிவிடும்.

கதையை அனுப்பியவர் என்ன சொன்னார்?

முதலில் தொலைபேசியில் பேசினேன். குற்றம் சாட்டும் தொனியில் பேசவில்லை. இரண்டு கதைகளையும் அனுப்புகிறேன், பாருங்கள், ஏழு நாளில் எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்றேன். நான்காம் நாளே பதில் வந்தது.

அவருடைய தாத்தாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்திருக்கிறது. கறுப்பு மையில், பழைய எழுத்தில், ஏழெட்டுக் கதைகள். எதிலும் எழுதியவர் பெயர் இல்லை. தாத்தா எழுதியவை என்று குடும்பமே நம்பியிருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக் காலத்தை மாற்றி, பெயர்களை மாற்றி, நடுவில் இரண்டு பத்தி சேர்த்து அனுப்பியதாகச் சொன்னார். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பினார். மண்ணாந்தை அதில் பழைய சுழித்த எழுத்தில் அழகாக இருந்தது. தம்பி அங்கேயும் மூன்று வாரத்தில் ஒரு வகுப்பு ஏறியிருந்தான்.

இதை நான் நம்புகிறேன். பிடித்த கதையைப் பத்திரிகையிலிருந்து நோட்டில் பார்த்து எழுதி வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையில் இருந்தது. பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்தவர்களுக்கு வேறு வழி ஏது? என் அத்தையின் நோட்டில் பாட்டு, கோலம், சமையல் குறிப்பு, தொடர்கதை எல்லாம் ஒரே கையெழுத்தில் கிடக்கும்.

அப்படியென்றால் அவர் மேல் தப்பே இல்லையே, ஏன் கதையை எடுத்தீர்கள்?

தாத்தாவின் கதை என்று நினைத்திருந்தாலும் அது அவருடைய கதை இல்லை. எங்கள் படிவத்தில் "இது என் சொந்தப் படைப்பு" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாத்தாவின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் மார்ச் மாதமே நோட்டைக் கேட்டு வாங்கியிருப்போம், கதை வேறு வழியில் போயிருக்கும். இதை அவரிடமே சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

எடுத்ததற்கு அவருடைய நோக்கம் காரணமும் இல்லை. அவர் வேண்டுமென்றே செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது எதுவானாலும் வெளியிட எங்களுக்கு உரிமை இல்லாத ஒரு பிரதி எங்கள் இதழில் இருந்தது. அது அங்கே இருக்க முடியாது.

திருட்டு என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் இத்தனை பூசி மெழுகல்?

திருட்டு என்பது ஒருவர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றிய சொல். எங்களிடம் இருப்பது இரண்டு அச்சுப் பிரதிகள், ஒரு நோட்டு, ஒரு ஒப்பீட்டுத் தாள். அவற்றில் உள்ளதை மட்டும் எழுதினோம்: இந்தக் கதையின் பெரும்பகுதி 1974-இல் வெளியான இன்ன கதையோடு ஒத்துப்போகிறது, அனுப்பியவர் இன்ன விளக்கம் தந்தார், திரும்பப் பெறுகிறோம். நான்கு வரி.

சட்டக் காரணமும் உண்டு, மறைக்கவில்லை. அவதூறு என்று வழக்கு வந்தால், சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவர் தலையில்தான் விழும். 61 வாக்கியங்களை நான் நிரூபிப்பேன். ஒருவருடைய எண்ணத்தை எங்கே போய் நிரூபிப்பது?

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதைக்கு இன்னுமா உரிமை இருக்கிறது?

இருக்கிறது. சிங்கப்பூரில் எழுத்தாளர் காலமான ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள். கதை எப்போது வந்தது என்பதல்ல கணக்கு, அவர் எப்போது காலமானார் என்பதுதான். 1996-இல் காலமானவரின் கதைக்கு 2066 முடியும் வரை உரிமை உண்டு. அவர் பத்திரிகையில் வேலை பார்த்தவர் அல்லர், வெளியிலிருந்து எழுதியவர். உரிமையைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்ததற்கான தாள் எதுவும் யாரிடமும் இல்லை. ஆகவே குடும்பத்தின் அனுமதி கேட்பதுதான் முறை என்று முடிவு செய்தோம்.

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொது இடத்தில் பயன்படுத்தும்போது படைப்பாளியை அடையாளம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மையார் பணம் கேட்கவே இல்லை. அவர் கேட்டது இந்த இரண்டாவதைத்தான், சட்டத்தின் பெயரைச் சொல்லாமல்.

பெயரை மட்டும் மாற்றி, சரியானவர் பெயரைப் போட்டுக் கதையை அப்படியே வைத்திருக்கலாமே?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மையாரிடம் கேட்டபோது, "அப்பா கப்பல் பட்டறை என்று எழுதலையே" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் இதழில் இருந்தது அவருடைய அப்பா எழுதிய கதையும் இல்லை. காலம் மாறி, இடம் மாறி, இரண்டு பத்தி கூடி, போதாததற்கு நாங்களும் கண்டக்டரை எடுத்துவிட்ட ஒரு கலவை. அதன் மேல் இறந்துபோனவர் பெயரைப் போட்டால், அவர் எழுதாததை அவர் எழுதியதாகச் சொல்வது ஆகும். அப்புறம் அது இன்னொரு தப்பு. 1974 வடிவத்தை அப்படியே, வகுப்புப் பிழையோடு, அவர் பெயரில் வெளியிடலாமா என்று கேட்டிருக்கிறோம். சகோதரர்களிடம் கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவசரப்படுத்தவில்லை.

புகார் வந்து பன்னிரண்டு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?

இரண்டாம் நாளே கதைக்கு மேலே ஒரு அறிவிப்புப் போட்டோம்: "இக்கதையின் மூலம் பற்றி ஒரு புகார் வந்துள்ளது, சரிபார்த்து வருகிறோம்." கதையை அப்போது எடுக்கவில்லை. சரிபார்க்கும் முன் எடுத்தால் தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நூலகம், ஒப்பீடு, விளக்கத்துக்கு நாலு நாள், அம்மையாரைச் சந்தித்தது எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நாள். எல்லாருமே வேலைக்குப் போய்க்கொண்டு இதழ் நடத்துகிறவர்கள், சனி ஞாயிறுதான் எங்கள் அலுவலக நேரம்.

கதை இருந்த பக்கம் மொத்தமாகக் காணாமல் போகவில்லை. தலைப்பும் பெயரும் இன்னும் இருக்கின்றன. ஏன்?

வேண்டுமென்றேதான். பக்கத்தையே அழித்தால், கதையை முன்பு படித்தவர் திரும்ப வந்து பார்த்துவிட்டு, இணைப்பு உடைந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். அவருக்குத்தான் இந்தச் செய்தி முக்கியம். ஆகவே தலைப்பு, அனுப்பியவர் பெயர், வெளியான தேதி மூன்றையும் விட்டுவிட்டு, கதை இருந்த இடத்தில் அந்த நாலு வரி அறிவிப்பை வைத்தோம். தேடுபொறிகள் அந்தப் பக்கத்தை ஒதுக்கவும் சொல்லவில்லை. கதையைத் தேடுபவர் அறிவிப்பில் வந்து நிற்கட்டும். அங்கே பெயர் இருக்கிறது என்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை. ஒரு முறை போதும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதிகளை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. யாரோ ஒருவர் உருக்கமாக வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பும் போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்தால் அறிவிப்பின் இணைப்பைச் சேர்த்து அனுப்புங்கள்.

கதையை அனுப்பியவரின் மற்ற கதைகள் எங்கள் கண்ணில் இன்னும் படுகின்றனவே?

மூன்று இருக்கின்றன. மூன்றையும் நோட்டோடு ஒப்பிட்டோம், நோட்டுப் பக்கங்களை அவரே முழுவதும் கொடுத்தார். எதுவும் ஒத்துப்போகவில்லை. நடையும் வேறு. அவற்றைச் சந்தேகத்தின் பேரில் எடுக்க மாட்டோம். வேறு மூலம் இருப்பதாக யாராவது காட்டினால் அப்போது பார்ப்போம்.

நான் தமிழாசிரியர். இந்தக் கதையை நகலெடுத்து உயர்நிலை மூன்று மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

திரும்ப வாங்கிவிடுங்கள், அல்லது அடுத்த வகுப்பில் அறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள். இன்னொரு பள்ளியில் ஓர் ஆசிரியை, தம்பியின் வகுப்புப் பிழை எங்கே இருக்கிறது என்று மாணவர்களையே தேடச் சொன்னாராம். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாளாம். இதழில் நாங்கள் மூன்று பேர் மூன்று மாதத்தில் செய்யாத வேலை.

கதையை அனுப்பியவருக்குக் கொடுத்த சன்மானம்?

80 வெள்ளி. நாங்கள் கேட்கும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார். அம்மையாரிடம் கொடுக்கப் பார்த்தோம், வேண்டாம் என்றார். தனியாக வைத்திருக்கிறோம். மூலக் கதையை வெளியிட அனுமதி கிடைத்தால் அதற்கான சன்மானத்தோடு சேர்ந்து போகும்.

இனிமேல் என்ன மாற்றப் போகிறீர்கள்?

பெரிதாக எதுவும் இல்லை. படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: "இந்தக் கதைக்கு முன்வடிவம், நோட்டு, குடும்பத்தார் எழுதியது, மொழிபெயர்ப்பு என்று ஏதாவது மூலம் உண்டா?" கையெழுத்துப் போடச் சொல்லும் வரியைவிட இது பயன்படும் என்று நினைக்கிறேன். ஏமாற்ற நினைப்பவர் எதிலும் கையெழுத்துப் போடுவார். தாத்தாவின் நோட்டை வைத்திருப்பவரோ கேட்டால் சொல்லிவிடுவார். இன்னொன்று, காலப் பிழையோ விநோதமான சொற்பிழையோ கண்ணில் பட்டால் திருத்துவதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. அது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

ஆண்டுத் தொகுப்பிலும் இந்தக் கதை இருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கினேன். புத்தகத்தை என்ன செய்ய?

தொகுப்பு ஏப்ரலில் 300 பிரதி அச்சானது. அதில் 140 போல விற்றுவிட்டது. தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய இரண்டு பிரதிகளும் போய்விட்டன. அவற்றைத் திரும்பக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அச்சானது அச்சானபடியே இருப்பதற்குத்தான் அந்தச் சேமிப்பு. திருத்தக் குறிப்பு ஒன்றை அங்கே அனுப்பியிருக்கிறோம்.

விற்காத பிரதிகளில் 71-ஆம் பக்கத்துக்கு முன்னால் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுகிறோம். பக்கங்களைக் கிழிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கிழித்தால் பின்பக்கத்தில் இருக்கும் வேறொருவர் கவிதையும் சேர்ந்து போகும். தேக்காவில் புத்தகம் இருக்கும் இரண்டு கடைகளுக்கும் போன ஞாயிற்றுக்கிழமை பசையும் சீட்டுமாகப் போய் உட்கார்ந்து ஒட்டிவிட்டு வந்தோம். உங்கள் பிரதிக்குச் சீட்டு வேண்டுமென்றால் முகவரி எழுதுங்கள், தபாலில் வரும். புத்தகமே வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுங்கள், 18 வெள்ளியைத் தந்துவிடுகிறோம். இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் சீட்டைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.